நிலத்தினும் பெரிதே: ஒரு குறுந்தொகைப் பாட்டை வகுப்பில் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். ஆண்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு பாட்டை எடுத்து, இரண்டு பாடவேளைகள் அதிலேயே தங்குவது என் வழக்கம். அந்தப் பாட்டைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாட்டு, குறுந்தொகையில் மூன்றாவதாக உள்ள தேவகுலத்தாரின் பாட்டு:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல் பாடமே சங்கப் பாட்டா? எளிதாக ஒன்றில் தொடங்கக் கூடாதா?

இதைவிட எளிதான பாட்டை நான் தேடிப் பார்த்ததுண்டு, கிடைக்கவில்லை. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 8 அடி வரை அமைந்தவை. இது அவற்றுள் மிகச் சிறிய அளவு. நிலம், வான், நீர், பூ, தேன், நாடு, நட்பு என்று இதில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை இன்றும் வீட்டில் புழங்குபவை. அகராதி தேவைப்படும் இடங்கள் மூன்று அல்லது நான்குதான். மேலும், பாட்டில் வருகிற செடி எங்கள் ஊர்ச் செடி.

பொருள் சொல்லாமலேயே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறீர்கள். புரியாததைப் படித்து என்ன பயன்?

முதலில் நான் இரண்டு முறை படிக்கிறேன். ஒரு சொல்லுக்கும் விளக்கம் தருவதில்லை. பிறகு மாணவர்கள் தனித்தனியே, தம் காதுக்குக் கேட்குமளவு வாய்விட்டுப் படிக்கிறார்கள். மூச்சு நிற்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு சிறு கோடு போட வேண்டும் என்பது மட்டுமே நான் கொடுக்கும் வேலை. பதினைந்து சீர் கொண்ட பாட்டு என்பதால் ஒரு முறை படிக்கக் கால் நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஐந்தாறு முறை படித்து முடிப்பதற்குள் சில செய்திகளைக் காது தானாகவே பிடித்துவிடுகிறது. 'நிலத்தினும்', 'வானினும்', 'நீரினும்' என்று 'இனும்' மூன்று முறை வந்து போவதை யாரும் தவற விடுவதில்லை. ஏதோ ஒன்று எதையோ விடப் பெரியது, உயர்ந்தது என்று சொல்லப்படுகிறது என்பது அதுவரையில் தெளிவாகிவிடும். எது பெரியது என்பது மட்டும் தெரியாது.

அந்தத் தெரியாமைதான் எனக்கு வேண்டும். மூன்று பயனிலைகள் முன்னே வந்துவிடுகின்றன. எழுவாயான 'நட்பு' பாட்டின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. பொருளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் படிப்பவர் 'நட்பு பெரியது' என்று தெரிந்துகொண்டே படிப்பார். பாட்டு அவரைக் காக்க வைத்த காத்திருப்பு வீணாகிவிடும். 'எது சார், எது?' என்று ஒரு வகுப்பில் ஒரு மாணவி மூன்றாவது அடியிலேயே பொறுமை இழந்து கேட்டாள். அந்தப் பாட்டை அவள் சரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

அச்சில் அடி முடிகிற இடத்தில் நிறுத்திப் படிப்பது தவறா?

முதல் அடியில் தவறில்லை. இரண்டாம் அடியில்தான் சிக்கல். மாணவர்களின் பென்சில் கோடுகளை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவை 'சாரல்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும், ஏனென்றால் அங்கே அடி முடிகிறது. அப்படி நிறுத்தினால் 'நீரினும் ஆரளவின்றே சாரல்' என்று ஒரு தொடர் போலக் காதில் விழுகிறது. நீரைவிட அளக்க அரிதாக இருப்பது சாரல்தான் என்று பொருள் தடம் புரண்டுவிடுகிறது. ஒரு மாணவன் அப்படியே எழுதியும் கொடுத்தான். அவன் பொருளில் பிழை செய்யவில்லை. மூச்சில்தான் பிழை செய்தான்.

சரியான நிறுத்தம் 'ஆரளவின்றே' என்பதற்குப் பின்னால் வருகிறது. அங்கே ஏகாரம் நீண்டு நிற்பதால் குரலும் இயல்பாகவே ஓய்கிறது. பிறகு 'சாரல்' என்பதில் புதிய மூச்சைத் தொடங்கி, அடி முடிவில் நிற்காமல் 'சாரல் கருங்கோற் குறிஞ்சி' என்று அடுத்த அடிக்குள் இறங்கி, 'நட்பே' வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். முதல் பகுதியில் மூன்று சிறு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சீரில் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பகுதியில் முடியாமல் நீண்டுகொண்டே போகிற ஒரே தொடர். இந்த வேறுபாட்டைக் குரலில் கேட்ட பிறகு, பாட்டு எந்த இடத்தில் திரும்புகிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டிய தேவை இருப்பதில்லை.

மூன்றாம் அடியில் மூன்றே சீர் இருப்பதையும் கவனிக்கலாம். ஈற்றடிக்கு முந்தைய அடி இப்படி முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். 'பூக்கொண்டு' என்ற இடத்தில் ஒரு சீர் குறைந்து, அடுத்த அடியில் 'பெருந்தேன்' வந்து விழுகிறது. அந்தக் குறைவை நிரப்புவதற்காக அங்கே வலிந்து இழுத்துப் படிக்க வேண்டாம்.

புத்தகத்தில் 'ஆரள வின்றே' என்று இடம் விட்டு அச்சாகியிருக்கிறதே?

அது சீருக்காகப் பிரித்தது, பொருளுக்காகப் பிரித்ததன்று. படிக்கும்போது 'ஆரளவின்றே' என்று ஒன்றாகவே சேர்த்துப் படியுங்கள்.

'உயர்ந்தன்று' என்றால் 'உயர்ந்தது அன்று' என்பதுதானே? வானைவிட உயர்ந்தது இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

இந்தப் பாட்டில் ஆண்டுதோறும் வருகிற பிழை இது, வருவதில் வியப்புமில்லை. இன்றைய தமிழில் 'அன்று' என்பது மறுப்புச் சொல்லாகவே நம் காதில் விழுகிறது. சங்கச் செய்யுளில் 'வந்தன்று' என்றால் 'வந்தது' என்றே பொருள். அங்கே 'அன்' சாரியை, 'று' ஒன்றன்பால் விகுதி. அதே அமைப்பில் வந்த 'உயர்ந்தன்று' என்பதற்கு 'உயர்ந்தது' என்பதே பொருள். 'ஆரளவின்று' என்பதும் இப்படித்தான். அதை 'அளவு இல்லை' என்று பிரித்தால் 'அரிய அளவு இல்லாதது' என்று நேர்மாறான பொருள் வந்து நிற்கும். 'அரிய அளவினை உடையது', அதாவது அளந்து காண்பதற்கு அரியது என்று கொள்வதே பொருந்துகிறது.

இலக்கணம் தெரியாத மாணவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து வாக்கியங்களைப் பார்த்தாலே போதும். 'நிலத்தைவிடப் பெரியது' என்று தொடங்கிய ஒருத்தி அடுத்த மூச்சில் 'வானைவிட உயர்ந்ததன்று' என்று சொல்லிப் பின்வாங்கினால், அவள் பாராட்டுகிறாளா குறை சொல்கிறாளா என்றே தெரியாமல் போய்விடும். ஒரு சொல்லுக்கு நாம் கொண்ட பொருள் அடுத்த சொல்லோடு மோதினால் முதலில் ஐயுற வேண்டியது நாம் கொண்ட பொருளைத்தான்.

'சாரல்' என்பது சாரல் மழையா?

எங்கள் ஊரில் ஆண்டில் பாதி நாள் அது பெய்துகொண்டிருப்பதால் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இங்கே சாரல் என்பது மலைச்சரிவு. வில்பட்டிக்கோ பூம்பாறைக்கோ போகும் சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வருகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கீழே கவிந்து இறங்கும் அந்தச் சரிவுதான் சாரல்.

படிமம் என்று எதைக் காட்டுவது? நிலம், வான், நீர் மூன்றும் படிமங்கள்தானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'நிலத்தைவிடப் பெரியது' என்பதைப் பார்க்கச் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. நிலம் தெரியலாம், அதைவிடப் பெரியது எப்படித் தெரியும்? வானத்துக்கு மேலே போகிற உயரத்தையும், கடல்நீரின் ஆழத்துக்குக் கீழே போகிற ஆழத்தையும் கண்ணால் காண முடியாது. அகலம், உயரம், ஆழம் என்று மூன்று திசைகளிலும் கண்ணை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவதுதான் முதல் பகுதியின் வேலை.

பிறகு அந்தக் கண் சட்டென்று ஒரு சரிவுக்கு வருகிறது. சரிவிலிருந்து ஒரு செடிக்கு. செடியிலும் அதன் தண்டுக்கு. 'கருங்கோல்' என்றால் கரிய தண்டு. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பேன்: பாட்டில் வரும் நிறங்களை எல்லாம் எழுதுங்கள் என்பேன். எல்லோரும் முதலில் 'நீலம்' என்றுதான் எழுதுவார்கள். பாட்டைத் திரும்பப் படித்துப் பார்த்தால் நீலம் அதில் இல்லை. குறிஞ்சி நீலம் என்பது நமக்குத் தெரிந்த செய்தி, அவ்வளவுதான். பாட்டில் உள்ள ஒரே நிறம் கருமை. அதுவும் பூவினுடையதன்று, தண்டினுடையது. மலை முழுவதும் நீலம் பூத்துக் கிடப்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தண்டு தெரியாது. செடியின் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்தான் 'கருங்கோல்' என்று சொல்ல முடியும். பாட்டைச் சொல்லும் தலைவி பேசுவது தொலைவிலிருந்து கேள்விப்பட்ட நாட்டைப் பற்றியன்று என்று எனக்குப் படுகிறது.

அடுத்தது 'பெருந்தேன் இழைக்கும்'. இழைப்பது யார்? வண்டு என்றோ தேனீ என்றோ பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. பூ இருக்கிறது, தேன் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓயாமல் பறந்துகொண்டிருக்கும் ஒன்றைப் படிப்பவரே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'இழைத்தல்' என்ற வினையையும் விட்டுவிடக் கூடாது. தேனைச் 'சேர்க்கும்' என்றோ 'வைக்கும்' என்றோ சொல்லியிருக்கலாம். நுண்ணிதாக, சிறுகச் சிறுகச் செய்வதற்குத்தான் இழைத்தல் என்று பெயர். அணிகலனுக்கும் நூலுக்கும் 'இழை' என்ற சொல் வழங்குவதை மாணவர்களே எடுத்துச் சொல்வார்கள்.

தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன், தன் தாத்தாவுடன் மலைத்தேன் எடுக்கப் போனதைப் பற்றி இந்த இடத்தில் பேசினான். பாறை இடுக்கில் தொங்கிய அடை தன் அகல விரித்த கைகளைவிட அகலமாக இருந்தது என்றும், அதைப் பார்த்த பிறகு கீழே இறங்கி வரும் வழியில் ஒரு பூவைப் பிரித்துத் தேனை நக்கிப் பார்த்தபோது நாக்கில் எதுவுமே தட்டுப்படவில்லை என்றும் சொன்னான். 'பெருந்தேன்' என்பதற்கு நான் அதுவரை கொடுத்து வந்த விளக்கங்கள் எல்லாம் அதன் பிறகு தேவையற்றுப் போயின.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. ஆகவே அரிதான காதல் என்று பொருள் எழுதலாமா?

எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன். நீலக்குறிஞ்சி எங்கள் மலையில் 2006இலும் 2018இலும் பூத்தது உண்மை. பாட்டில் பன்னிரண்டு என்ற எண்ணும் இல்லை, அருமை என்ற குறிப்பும் இல்லை. பூவின் அருமையைச் சொல்ல விரும்பியிருந்தால் அதற்கு ஒரு சொல் போதும். புலவர் அந்தச் சொல்லைச் செலவிட்டது தண்டின் கருமைக்கு. மேலும் இந்தப் பொருளை ஏற்றினால் பாட்டுக்கு ஊறு வருகிறது: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகிற உறவு என்றால் அது தலைவனைப் புகழ்வதாக இருக்காது, அவனுடைய தோழர்களே நகைக்கும் படியாக இருக்கும்.

தாவரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாட்டைப் பார்க்க உதவ வேண்டும். பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. தெரிந்தவற்றில் இங்கே உதவுவது, குறிஞ்சி தனித்து ஒரு பூவாகப் பூக்காமல் சரிவு முழுவதும் ஒருசேரப் பூக்கும் என்பதுதான். தேன் 'பெருந்தேன்' ஆவதற்கு அது காரணமாகிறது.

இதைச் சொல்வது யார், யாரிடம் சொல்கிறாள்? துறைக் குறிப்பை எப்போது சொல்லித் தர வேண்டும்?

இரண்டாம் பாடவேளையில், அதற்கு முன்பு வேண்டாம். பாட்டின் அடியில் உள்ள குறிப்பின்படி, தலைவன் வேலிக்கு அப்பால், அதாவது சிறைப்புறத்தில் நிற்கிறான். அவன் மணந்துகொள்ளாமல் காலம் கடத்துவதால், 'வரைவு வேண்டி', அதாவது மணத்தை விரும்பி, தோழி அவனுடைய இயல்பைப் பழிக்கிறாள். அதைக் கேட்ட தலைவி அவனைப் பெருமைப்படுத்திப் பேசுகிறாள். தோழி 'இயற்பழித்த'போது தலைவி 'இயற்பட மொழிந்தது' என்பார்கள்.

இதை முதலிலேயே சொன்னால் மாணவர் பாட்டை விட்டுவிட்டுக் குறிப்பை மனப்பாடம் செய்கிறார். பாட்டை நன்றாகப் படித்த பிறகு சொன்னால், தாம் ஏற்கெனவே கேட்ட ஒலிக்கு ஒரு காரணம் கிடைத்தது போல் நிமிர்ந்து உட்காருகிறார். 'பெரிதே' என்று எடுத்த எடுப்பிலேயே குரல் ஏன் உயர்கிறது? அதற்கு முன்னால் யாரோ 'இதெல்லாம் ஒரு நட்பா?' என்று கேட்டிருக்க வேண்டும். பாட்டு ஒரு பேச்சின் நடுவில் தொடங்குகிறது. முன்பாதி நம் காதுக்கு எட்டவில்லை. அப்போது இரண்டு மாணவிகளை எழுப்பி, ஒருத்தியைத் தோழியாகத் தலைவனைத் தன் சொந்தச் சொற்களில் திட்டச் சொல்வேன். மற்றவள் உடனே பாட்டைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு மாணவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவேன். அவன் காதிலும் விழ வேண்டும் என்பதால் பாட்டைச் சொல்கிறவளின் குரல் தானாகவே கூடுகிறது. 'இவ்வளவு பெரிது என்று அவளே சொல்லிவிட்டாளே, இனிமேல் எப்படிச் சார் வராமல் இருப்பது?' என்று வெளியில் நின்ற பையன் ஒருமுறை கேட்டான். 'வரைவு வேண்டி' என்ற குறிப்பின் பொருள் அதுதான்.

இன்னொன்று: அவள் 'நாடன் பெரியவன்' என்று சொல்லவில்லை. 'நாடனொடு நட்பு' பெரிது என்கிறாள். தோழி பழித்தது அவனை; இவள் பதில் சொல்வது நட்பைப் பற்றி. அந்த நட்பில் அவளும் பாதி. இந்த வேறுபாட்டைத் தவற விட்ட விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

தேர்வில் 'நயம் பாராட்டுக' என்று கேட்டால் எதுகை, மோனை, அணி என்றுதானே எழுத வேண்டும்?

எழுதலாம், ஆனால் எழுதிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. என்னிடம் வந்த ஒரு விடை இப்படி இருந்தது: 'நிலத்தினும், நீரினும் என மோனை வந்துள்ளது. கருங்கோல், பெருந்தேன் என எதுகை வந்துள்ளது. உவமை அணி வந்துள்ளது. பாடல் சிறப்பாக உள்ளது.' முதல் இரண்டும் சரி. மூன்றாவது சரியன்று: 'நிலம் போல' என்று ஒப்பிட்டிருந்தால்தான் அது உவமை, இங்கே 'நிலத்தைவிட' என்று ஒப்பிட வந்த பொருளையே தாண்டிப் போய்விடுகிறாள். நான்காவது வாக்கியம் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்.

அந்த மாணவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: மோனை எந்த அடிகளை இணைக்கிறது, எதுகை எந்த அடிகளை இணைக்கிறது? அவள் சற்று நேரம் பார்த்தாள். மோனை முதல் இரண்டு அடிகளை. எதுகை கடைசி இரண்டு அடிகளை. அளவு பேசும் அடிகள் ஓர் இணை, செடியும் தேனும் வரும் அடிகள் ஓர் இணை. அப்படியானால் 'சாரல்' எந்த இணையில் சேரும்? இருப்பது இரண்டாம் அடியில். பொருள் முடிவது மூன்றாம் அடியில். இரண்டு பகுதிகளையும் தைத்து வைத்திருக்கும் தையல் அந்தச் சொல்தான்.

அவள் திருத்தி எழுதிய விடையில் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. முதல் அடியில் 'பெரிதே', கடைசி அடியில் 'பெருந்தேன்' என்று பெருமை இரண்டு முறை வருவதை அவள் கண்டிருந்தாள். 'முதலில் பெரிது என்று சொல்லிவிட்டு, அது எப்படிப் பெரிதாயிற்று என்பதைக் கடைசியில் தேனில் காட்டுகிறாள். ஒரு பூவில் உள்ள தேன் மிகச் சிறிது. பல பூக்களிலிருந்து சிறிது சிறிதாக வந்ததால் அது பெருந்தேன் ஆனது. நட்பும் ஒரே நாளில் வானத்தைவிட உயர்ந்திருக்காது' என்று எழுதியிருந்தாள். தேனீயைத் தலைவனாகவும் பூவைத் தலைவியாகவும் வைத்து ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டும் விளக்கங்களைவிட எனக்கு இது நெருக்கமாகப் படுகிறது. அந்தப் பொருத்தத்தைச் செய்யப் போனால், பூவிலிருந்து எடுத்துக்கொண்டு பறந்து போகிறவன் என்று தலைவனைப் பற்றித் தோழி சொன்னதையே தலைவியின் வாயாலும் சொல்ல வைத்துவிடுவோம்.

2018இல் பூத்ததை எங்கள் பிள்ளைகள் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்தது 2030இல்தான். பூ இல்லாமல் இந்தப் பாட்டை எப்படிக் காட்டுவது?

பூ இல்லாத ஆண்டுகள்தாம் இந்தப் பாட்டுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. பூத்துக் காய்த்த குறிஞ்சிச் செடி பட்டுப்போய்விடும். விதையிலிருந்து முளைத்த புதுச் செடிகள் அடுத்த பூப்புக்காகப் பல ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே நிற்கும். புல்வெளிச் சரிவில் அப்படி நிற்கும் ஒரு புதரின் அருகே பிள்ளைகளை அழைத்துச் சென்று, இலைகளை மெல்ல விலக்கி அடித்தண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம், வேரோடு பிடுங்கவும் வேண்டாம். அங்கேயே நின்று மூன்றாம் அடியை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.